பார் ஸ்கோரைத் தொட்டால் பாதி வாய்ப்பு என்று யார் சொன்னது?

கிரிக்கெட்டில் மழை தூறும்போது, மழை ஆட்டத்துக்கான டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்குப்படி திரையின் ஓரத்தில் 'டிஎல்எஸ் பார் 117' என்று வரும். உடனே நம் ஆட்கள் 118 எடுத்த அணிதான் முன்னிலை, அதனால் ஜெயிக்கும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம் என்று சொல்லிவிடுவார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தானாக வந்துவிடாது. நேரலை ஆட்டத்துக்குப் பந்தய விலை போடும் வேலையில் கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்தேன். அங்கே புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தவறும் இதுதான், நானும் செய்தேன்.

பார் ஸ்கோர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்த நொடியோடு ஆட்டம் முடிந்தால் சமனுக்கு எத்தனை ரன் இருந்திருக்க வேண்டும்? விலை போடுகிறவனுக்கு வேண்டியது வேறு. ஆட்டம் தொடர்ந்தால் யார் ஜெயிப்பார், தொடருமா, தொடராதா?

பாரைக் கணக்கிடும் அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 2003 உலகக் கோப்பையின் டர்பன் ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மார்ச் 3, தென்னாப்பிரிக்காவும் இலங்கையும். அதபத்து 124 அடிக்க, இலங்கை 50 ஓவரில் 268. சேஸில் 45 ஓவர் முடிந்தபோது தென்னாப்பிரிக்கா 6 விக்கெட்டுக்கு 229, மழை கொட்டுகிறது. டக்வொர்த் லூயிஸ் அட்டவணையில் 5 ஓவர் மிச்சம், 6 விக்கெட் போயிருக்கிறது என்ற கட்டத்தைப் பார்த்தால் 14.3 என்று இருக்கும். அதாவது ஒரு முழு இன்னிங்ஸின் ரன் எடுக்கும் வளத்தில் இன்னும் 14.3 சதவீதம் கையில் இருக்கிறது, 85.7 சதவீதம் செலவாகிவிட்டது. 268-ல் 85.7 சதவீதம் 229.68. பின்னத்தை வெட்டினால் 229, அது சமன். ஜெயிக்க 230.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். முரளிதரனின் அந்த ஓவரில் ஐந்தாவது பந்தை பௌச்சர் சிக்ஸ் அடித்து 229-க்கு வந்தார், 229 போதும் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தடுத்து நிறுத்தினார். அணி வைத்திருந்த தாளில் இருந்தது சமனுக்கான எண், வெற்றிக்கான எண் இல்லை. ஆட்டம் சமன், தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியே. போலாக்கின் கேப்டன் பதவியும் போனது.

எல்லாரும் அந்த ஒரு ரன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்த நேரத்தில் மழையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பந்தில் 40 ரன், கையில் 4 விக்கெட், பௌச்சரோடு மறுமுனையில் க்ளூஸ்னர். அட்டவணைப்படி மிச்ச வளம் 38 ரன்னுக்குச் சமம், தேவை 40, ஏறத்தாழ இழுபறி. ஆனால் க்ளூஸ்னர் நிற்கிறாரா, பத்தாம் நம்பர் ஆள் நிற்கிறாரா என்று அட்டவணைக்குத் தெரியாது, 6 விக்கெட் போச்சு என்பது மட்டும்தான் தெரியும். நான் விலை போட்டிருந்தால் அங்கே தென்னாப்பிரிக்காவுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பேன். மழை நிச்சயம் என்று ஆனதும் இந்த 40 ரன் கணக்கு முழுசாகச் செத்துவிடுகிறது, விலை முழுக்க ஒரே பந்தில் ஒரு ரன் வருமா என்பதில் போய் நிற்கிறது. தடுத்து ஆடுவதும் இலவசம் இல்லை. அந்தக் கட்டத்தில் ஓவருக்கு ஏறத்தாழ 2 சதவீத வளம் கரைகிறது, அதாவது ரன் இல்லாத ஒவ்வொரு பந்துக்கும் பார் கிட்டத்தட்ட ஒரு ரன் மேலே ஏறுகிறது.

இப்போது அதே 268-ஐ வைத்து நடு ஆட்டத்துக்கு வருவோம். 25 ஓவர் முடிந்து 3 விக்கெட் போயிருந்தால் மிச்ச வளம் 56, பார் 117. அடுத்த பந்தில் நாலாவது விக்கெட் விழுந்தால் வளம் 50 ஆகிறது, பார் ஒரே தாவலில் 134. ஒரு விக்கெட்டின் விலை ஏறத்தாழ 16 ரன்! இதே விக்கெட் 5 ஓவர் மிச்சம் இருக்கும்போது ஏழாவதாக விழுந்தால் 14.3 என்பது 12.5 ஆகும், வித்தியாசம் 5 ரன்கூட இல்லை. பாரைவிட எத்தனை ரன் முன்னால் என்று மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 123-க்கு 3 என்றால் பாரைவிட 6 ரன் முன்னிலை, நிம்மதியாகத் தெரியும். ஆனால் மேகம் வர இன்னும் மூன்று ஓவர் ஆகும் என்றால், 40 பந்துக்கு ஒரு விக்கெட் விழும் என்ற சாதாரணக் கணக்கிலேயே அந்த 18 பந்துக்குள் ஒரு விக்கெட் விழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. விழுந்தால் அந்த முன்னிலை காலி.

விலை எப்படிப் போடுவது? இரண்டு உலகங்களாகப் பிரித்துக்கொள்வேன். இதற்குமேல் ஒரு பந்தும் வீசாமல் முடிய 40 சதவீதம் வாய்ப்பு என்று ரேடாரைப் பார்த்து முடிவு செய்கிறேன், அது என் அனுமானம்தான். அணி 113-க்கு 3, பாரைவிடப் பின்னால். மழையோடு முடிந்தால் தோல்வி, தொடர்ந்தால் 48 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 0.6 × 0.48, ஏறத்தாழ 29 சதவீதம். அதே அணி 123-க்கு 3 என்றால் மழையோடு முடிந்தால் வெற்றி, தொடர்ந்தால் 52 சதவீதம், மொத்தம் 71. பத்து ரன்னுக்கு 29 எங்கே, 71 எங்கே! மழை இல்லாத உலகில் அந்தப் பத்து ரன் நாலு சதவீதத்தைத்தான் நகர்த்தியது. பார் கோட்டில் விலை சரிவாக ஏறாது, படிக்கட்டு மாதிரி ஏறும்.

ஒருநாள் போட்டியில் சேஸ் 20 ஓவர் ஆகாவிட்டால் முடிவே இல்லை. அதுவரை இந்தப் படிக்கட்டும் இல்லை. 17 ஓவரில் பாரைவிட 30 ரன் பின்னால் இருந்தாலும் மழை வந்தால் தோல்வி கிடையாது, அந்த நேரத்தில் மழை பின்தங்கிய அணிக்கு நண்பன்.

கடைசியாக ஒன்று. இணையத்தில் கிடைக்கிற அட்டவணை பழைய ஸ்டாண்டர்டு பதிப்பு. அதை 400 ரன் அடித்த ஆட்டத்தில் போட்டுப் பாருங்கள். 10 ஓவரில் விக்கெட் போகாமல் இருந்தால் மிச்சம் 89.3, செலவானது 10.7, பார் 42. 401 துரத்துகிற அணி பத்து ஓவரில் 42 எடுத்தால் சமநிலையாம், மீதி 40 ஓவரில் 359 வேண்டும், ஓவருக்கு 9! எந்தப் பைத்தியக்காரனும் அங்கே பாதி விலை தரமாட்டான். சாதாரண ஸ்கோருக்கான வளைவை அப்படியே பெருக்குவதால் வரும் கோளாறு இது. சர்வதேச ஆட்டங்களில் இப்போது ஸ்டெர்ன் திருத்திய டிஎல்எஸ் கணினியில் ஓடுகிறது, ஸ்கோர் ஏற ஏற வளைவு நேர்கோட்டை நோக்கி நிமிரும், அதனால் ஆரம்ப ஓவர்களிலேயே பார் கூடுதலாக வரும். அதற்கு ஒற்றை அச்சு அட்டவணை கிடையாது. உங்கள் எக்செல் 42 என்று சொல்ல, நடுவர் கையில் இருக்கும் தாள் அதைவிட நல்ல உயரத்தில் ஒரு எண்ணைச் சொன்னால், தவறு நடுவர் பக்கம் இல்லை. 250, 260 ஸ்கோர் வரை பழைய அட்டவணையை வைத்தே ஓட்டிவிடலாம், 300-ஐத் தாண்டினால் நான் அதைத் திறப்பதே இல்லை.