பெருந்துறையில் தேயிலை

மாமா: அம்மிணி, பெருந்துறை ரோட்டுல சிறுத்தை! இன்னைக்கு வெடியால எடுத்த போட்டோ. வெளிய போயிறாத சாமி.

அம்மிணி: குடுங்க மாமா. சிறுத்தையவே பாத்துட்டிருந்தா அது ஊர் பேரச் சொல்லுமா? சுத்தியும் பாருங்க. மொதல்ல எழுத்து.

மாமா: பாத்துட்டேன். பின்னால பலகையில ‘ஈரோடு ஜவுளி’ன்னு இருக்குது.

அம்மிணி: திருநெல்வேலி அல்வாக்கடை கோபியிலயும் இருக்கும். பேர விடுங்க, அடியில இருக்கற பழைய லேண்ட்லைன் நம்பரப் பாருங்க. ஈரோட்டுக்கு 0424, பெருந்துறைக்கு 04294. இதுல 0423. அது ஊட்டி, குன்னூர்ப் பக்கம்.

மாமா: போட்டோவத் திருப்பிப் போட்டிருந்தா?

அம்மிணி: எழுத்து நேரா இருக்குதே. எழுத்தே இல்லீன்னா சட்டைப் பாக்கெட்டப் பாருங்க. எல்லாருக்கும் வலப்பக்கம் இருந்தா படம் திரும்பியிருக்குது. அதப் பாக்காம, வண்டி வலப்பக்கம் போகுது, வெளிநாடுன்னு சொல்லிருவாங்க.

மாமா: கார் நம்பரு டி.என். 56. பெருந்துறைதானே?

அம்மிணி: கார் சுத்திப்பாக்கப் போயிருக்கும். ஊரு தாண்டாத வண்டியாப் பாக்கோணும். அந்த ரெண்டு ஆட்டோவும் டி.என். 43, நீலகிரி.

மாமா: ஆனா ஈரோடுன்னு போட்டிருக்குதே…

அம்மிணி: அல்வா, மாமா, அல்வா. மூணாவது மைல்கல்லு. எழுத்து மங்கிப்போச்சு, ஆனா தலை மஞ்சள், அப்ப தேசிய நெடுஞ்சாலை. பச்சையா இருந்தா மாநில நெடுஞ்சாலை. நாலாவது மரஞ்செடி. கல்லுக்குப் பின்னால என்னங்க அது?

மாமா: வேலி ஓரமா ஏதோ செடி. மட்டமா வெட்டி வெச்சிருக்குது.

அம்மிணி: தேயிலைங்க. நடுநடுவுல சில்வர் ஓக். பெருந்துறையில எந்தக் காட்டுல தேயிலை பறிக்கறாங்க?

மாமா: சரி, ஊட்டியே இருக்கட்டும். இன்னைக்கு வெடியால எடுத்தது நெசந்தானே?

அம்மிணி: அதுக்குத்தான் அஞ்சாவது, நெழலு. நெழலு மட்டும் இருந்தா பத்தாது, தெச தெரியோணும். மாடியில டிஷ் இருக்குது பாருங்க. நம்ம பக்கம் டிஷ் எல்லாம் ஏறக்குறைய தென்கிழக்கப் பாத்துத்தான் நிக்கும். கம்பத்து நெழலும் அதே பக்கம் விழுந்திருக்குது. அப்ப வெயில் எங்கிருந்து வருது?

மாமா: எதுத்தாப்புல… வடமேக்க.

அம்மிணி: வடமேக்கன்னா மத்தியானத்துக்கு மேல, வெடியால இல்ல. அதுவும் மார்கழியில சூரியன் நாளெல்லாம் தெக்காலதான் நிக்கும், நெழலு வடக்காம விழுகும். இது சித்திரையிலிருந்து ஆவணிக்குள்ள எப்பவோ எடுத்தது. வருசம் எதுன்னு நெழலு சொல்லாது.

மாமா: இவ்வளவும் பாக்க எவ்வளவு நேரமாகும்?

அம்மிணி: ஒரு டீ குடிக்கற நேரம். நீங்க எத்தன குரூப்புக்கு அனுப்புனீங்க?

மாமா: பன்னெண்டு.

அம்மிணி: அதுக்கு எவ்வளவு நேரமாச்சு?

மாமா: …இப்ப திருத்தம் அனுப்பிட்டேன் அம்மிணி. ‘பெருந்துறையில இல்ல. ஊட்டியில, இன்னைக்கு வெடியால’ன்னு.