வளைவுகள் வெட்டும் இடமா, எஃபிஷியன்சியின் உச்சியா?

“பம்பு டெஸ்ட் கிராஃபில் ஹெட் வளைவும் எஃபிஷியன்சி வளைவும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் பி.இ.பி.”

தவறு. பி.இ.பி. என்பது பம்பின் எஃபிஷியன்சி உச்சத்தில் இருக்கும் புள்ளி. பம்பு நீரை ஏற்றும் உயரமான ஹெட்டுக்கு அலகு மீட்டர், எஃபிஷியன்சிக்குச் சதவீதம். இரண்டும் எங்கே வெட்டும் என்பது நாம் போடும் ஸ்கேலைப் பொறுத்தது, பம்பைப் பொறுத்தது அல்ல.

ஒரு மாதிரிக் கணக்கு. விநாடிக்கு 8 லிட்டர் ஓடும்போது ஹெட் 20 மீட்டர், ஷாஃப்டில் 2.42 கிலோவாட். நீருக்குக் கிடைத்த பவர் 9.81 × 8 × 20, அதாவது சுமார் 1.57 கிலோவாட். எஃபிஷியன்சி 65%. இதே பம்பு 6 லிட்டரில் 22.5 மீட்டரும் 62 சதவீதமும், 10 லிட்டரில் 16.5 மீட்டரும் 61 சதவீதமும் தருகிறது. ஆக, உச்சி 8 லிட்டர் பக்கத்தில்.

இப்போது எஃபிஷியன்சி அச்சை 0–100 என்றே வைத்து, ஹெட் அச்சை மட்டும் 0–40 மீட்டர் என்று போடுங்கள். வளைவுகள் 5 லிட்டரைத் தாண்டியதுமே வெட்டும். அதையே 0–30 ஆக்கினால் வெட்டும் இடம் எட்டரை லிட்டருக்கு அருகே நகர்ந்துவிடும். உச்சி அசையவே இல்லை. சில ரிப்போர்ட்டில் பதில் சரியாக வருவதும் இப்படிக் குருட்டாம்போக்கில்தான்.

எஃபிஷியன்சி வளைவின் உச்சியிலிருந்து செங்குத்துக் கோடு இறக்குங்கள். அது ஹெட் வளைவைத் தொடும் இடத்தில் பி.இ.பி.யின் ஹெட்டும், கீழ் அச்சில் ஃப்ளோவும் கிடைக்கும். உச்சி தட்டையாக இருப்பதால் அந்தப் பக்கம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கூடுதல் ரீடிங் எடுப்பது நல்லது. எனர்ஜி மீட்டர் ரீடிங்கை அப்படியே போட்டால் வருவது மோட்டாரும் சேர்ந்த எஃபிஷியன்சி; பம்புடையது அல்ல.