ஈ.எல். கணக்கில் ஞாயிறு எங்கிருந்து வந்தது?

மச்சான் அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். போன நவம்பரில் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். "உன் கணக்குல ரெண்டு நாள்தான்பா இருக்கு" என்று சொல்லி ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். உழைத்துச் சேர்த்த சம்பள லீவான ஈ.எல். 13 நாள் இருந்த ஆள், வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனவர். மிச்சம் எப்படி இரண்டானது? நான் பதினோரு வருஷம் ஒரு கம்பெனி டைம் ஆபீஸில் உட்கார்ந்து இதே பதிவேட்டை எழுதியவன் என்பதால் சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

செப்டம்பர் 26 வெள்ளி முதல் அக்டோபர் 6 திங்கள் வரை லீவு. காலண்டரில் எண்ணினால் 11 நாள். டைம் ஆபீஸ் 11-ஐயும் அப்படியே கழித்திருக்கிறது. ஆனால் அதில் 28-ம் தேதியும் 5-ம் தேதியும் ஞாயிறு. 1-ம் தேதி ஆயுத பூஜை, 2-ம் தேதி காந்தி ஜெயந்தி. இரண்டுக்கும் கேட்டையே பூட்டியிருந்தார்கள். பூட்டிய கம்பெனிக்கு ஒருவர் எப்படி லீவு போட முடியும்? இந்த நான்கையும் விட்டால் கழிக்க வேண்டியது 7 நாள், மிச்சம் 6. கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகும் மூன்று நாள் கையில் இருந்திருக்கும்.

அப்போது நடப்பில் இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவு இதில் குழப்பமே வைக்கவில்லை. லீவுக்கு நடுவில் வந்தாலும் சரி, முன்னால் பின்னால் ஒட்டி வந்தாலும் சரி, விடுமுறை நாள் லீவுக் கணக்கில் சேராது. அப்புறம் ஏன் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது? என் அனுபவத்தில், அரசு அலுவலகப் பழக்கத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவதுதான் காரணம். எங்கள் சித்தப்பா மத்திய அரசில் இருந்தவர், இந்தக் கதையைக் கேட்டதும், "நடுவுல வர்ற ஞாயிறும் ஈ.எல்.தானடா" என்றார். அவர் ஆபீஸுக்கு அது சரி. அங்கே ஜனவரியிலும் ஜூலையிலும் 15 நாள் வீதம் முன்கூட்டியே வரவு வைத்துவிடுவார்கள், விதியும் வேறு. தொழிலாளி இருபது நாள் உழைத்தால்தான் ஒரு நாள் லீவு சேரும். அப்படிச் சேர்த்ததை ஞாயிற்றுக்கிழமைக்குத் தின்னக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த 13 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் 2024-ல் வேலை பார்த்தது 251 நாள். இருபதால் வகுத்தால் 12.55. அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாக எடுக்க வேண்டும், அரைக்குக் குறைந்தால் விட்டுவிடலாம். ஆக 13. 2024-ல் உழைத்ததற்கு 2025-ல் லீவு.

அதே ஷாப்பில் இன்னொரு தம்பிக்கு நடந்தது இதைவிட மோசம். அவர் 2024-ல் வேலைக்கு வந்தது 231 நாள். ஈ.எல். கிடைக்க வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அதைத் தொடவில்லை, ஆகவே ஈ.எல். கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த வருஷம் அவர் முந்தைய வருஷத்து ஈ.எல்.லில் 11 நாள் எடுத்திருக்கிறார். தகுதி பார்க்கும்போது அந்த நாட்களையும் வேலை செய்ததாகவே எண்ண வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனியே வேலை தராமல் நிறுத்தி வைக்கும் லே ஆஃப் நாட்களுக்கும், பெண்களின் பிரசவ விடுப்பில் 12 வாரம் வரைக்கும் அந்த 1948 சட்டத்தில் இதே சலுகை இருந்தது. 231-ம் 11-ம் 242, தகுதி வந்துவிட்டது. ஆனால் லீவு சேர்வது உண்மையில் உழைத்த 231 நாளுக்கு மட்டும்தான்: 11.55, அதாவது 12 நாள். தகுதிக்கு ஒரு எண்ணிக்கை, சேர்வதற்கு இன்னொன்று. டைம் ஆபீஸில் வருகைப் பதிவை மட்டும் பார்த்து 240-ஐத் தேடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் முதல் வருஷம் சறுக்கியிருக்கிறேன், ஒரு பெரியவர் பதிவேட்டோடு வந்து திட்டிவிட்டுப் போனார்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்து, 240 என்பது 180 ஆகிவிட்டது. இருபதுக்கு ஒன்று என்பது மாறவில்லை. லீவுக்கு நடுவே வரும் விடுமுறையைக் கழிக்கக் கூடாது என்பதும் மாறவில்லை. கடைகளுக்கும் ஐ.டி. அலுவலகங்களுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது, அந்தக் கணக்கை இதோடு கலக்க வேண்டாம்.

மச்சானுக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். தேதி வாரியாக 11 நாளையும் போட்டு, நான்கு விடுமுறைகளுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு. கோபமாக ஒரு வரிகூட இல்லை. பிடித்த ஒரு நாள் சம்பளம் டிசம்பரில் திரும்பி வந்தது, பதிவேட்டில் மிச்சம் 3 என்று திருத்திக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். தம்பியின் 12 நாள்தான் இன்னும் வரவில்லை. அவருக்கான மனுவை ஞாயிற்றுக்கிழமை எழுத உட்காருகிறோம்.