யூனிஃபார்ம் பிட்டில் பன்னா எத்தனை இஞ்ச்னு போட என்னய்யா கேடு?

ஜூன் வந்தா தனியார் பள்ளியில பிள்ளை படிக்கிற வீட்டுல எல்லாம் இந்தக் கொடுமைதான். சீல் வச்ச பாலித்தீன் கவர். உள்ள சட்டைத்துணி ஒரு பிட், பேண்ட் துணி ஒரு பிட். மேல ஒரு ஸ்டிக்கர்ல "6 - 8 வகுப்பு, பாய்ஸ்". எத்தனை மீட்டர், பன்னா, அதான் துணியோட அகலம், எவ்வளவு, மீட்டர் என்ன விலை, எதுவும் கிடையாது. எண்ணூறு, ஆயிரம்னு ஒரு தொகையைச் சொல்லி கையில திணிச்சிடுறாங்க.

ஆறாம் வகுப்பு போற என் பையனுக்கு மூணு செட். சட்டை பிட் 420 ரூபாய், பேண்ட் பிட் 480. டெய்லர் கூலி அரைக்கைச் சட்டைக்கு 300, பேண்ட்டுக்கு 400; கேன்வாஸ், ஜிப், பட்டன் எல்லாம் அதுலயே அடக்கம். ஆக ஒரு செட் 1,600. மூணு செட் 4,800. இதுல ஷூ இல்ல, பெல்ட் இல்ல, டை இல்ல.

டெய்லர் கூலி மேல எனக்குக் கோபமே இல்லை. கட்டம் போட்ட துணியில முன்பக்கம் ரெண்டு பாதியும் பாக்கெட்டும் கட்டத்துக்குக் கட்டம் சேரணும். அந்த வேலைக்கு 300 கொடுக்கலாம். கோபம் அந்தப் பிட் மேல.

டெய்லர் அண்ணன் கவரைப் பிரிச்சு டேப்பை வச்சார். சட்டைத்துணி 1.60 மீட்டர். கரையிலிருந்து கரைக்கு அளந்தா 58 இஞ்ச். "ஏம்மா, பெரிய பன்னாவுக்கு எதுக்கு இவ்வளவு கொடுத்திருக்காங்க?"ன்னார். அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு.

கணக்கைப் பாருங்க. பையன் சட்டை நீளம் 25 இஞ்ச், மடிப்பு தையலோட 27. மார்புச் சுற்று தைச்சு முடிச்சா 36 இஞ்ச், தையலும் பட்டன் பட்டியும் சேர்த்து ஒரு 44. அதாவது 58 இஞ்ச் பன்னாவுல முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்துல உட்காந்துடும். கீழே கைக்கு இன்னும் பத்து, பத்தரை இஞ்ச். காலர், பாக்கெட் எல்லாம் மிச்ச இடத்துலயே வந்துடும். 95 சென்டிமீட்டர்ல சட்டை முடிஞ்சது. கட்டம் சேர்க்கவும் துணி சுருங்கவும் சேர்த்து தாராளமா 1.10 மீட்டர் வைங்க. 36 இஞ்ச் பன்னான்னா முன்பக்கம், பின்பக்கத்தை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் வெட்டணும், அப்ப 1.60 நியாயம். சின்ன பன்னா காலத்து அளவை அப்படியே வச்சுக்கிட்டு பெரிய பன்னாவுல வெட்டி விக்கிறாங்க!

சட்டைக்கு அரை மீட்டர் மிச்சம்னா மூணு சட்டைக்கு ஒன்றரை மீட்டர். அதுல இன்னொரு சட்டையே தைக்கலாமேன்னு கேட்டேன். தைக்க முடியாதாம். தனித்தனி பிட்டா வெட்டிட்டாங்களே! அரை மீட்டர்னா இருபது இஞ்ச்கூட இல்லை, சட்டை நீளத்துக்கே பத்தாது. அதே துணியை 4.80 மீட்டர் ஒரே நீளமா கொடுத்திருந்தா நாலு சட்டை வந்திருக்கும். இப்ப நாலாவது சட்டை மூணு துண்டா வெட்டுத்துணி மூட்டைக்குப் போகுது. (அதைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. கிழிஞ்ச பாக்கெட், காலருக்காவது உதவும்.)

பேண்ட்ல இவ்வளவு மோசம் இல்லை. 1.05 மீட்டர் போதும், 1.20 கொடுத்திருக்காங்க. அந்த மிச்சத்தைக் கீழ் மடிப்புல மூணு இஞ்சா உள்ள விட்டுத் தைக்கச் சொன்னா அடுத்த வருஷம் பிரிச்சு இறக்கிக்கலாம். டெய்லர்கிட்ட வெட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

விலைக்கு வருவோம். இதே ரகச் சட்டைத்துணி கடைத்தெருவுல மீட்டர் 160, பேண்ட் துணி 260. தேவையான அளவு மட்டும் வாங்கினா 176-ம் 273-ம் சேர்ந்து 449 ரூபாய். பள்ளியில 900. கூலியோட பார்த்தா 1,149-ல முடியற செட்டுக்கு 1,600. மூணு செட்டுக்கு 1,353 ரூபாய் கூடுதல்! அந்தக் காசுல இன்னொரு செட்டே தைச்சு, மிச்சத்துல சாக்ஸும் வாங்கியிருப்பேன்.

"வெளிய வாங்கிக்கோங்க"ன்னு சொல்றவங்களுக்கு: அந்தக் கட்டம் வெளியில கிடைக்காது. பள்ளிக்குன்னே நெய்து வர்ற டிசைன். போதாததுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை கலரை மாத்திடுறாங்க, அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது.

பொட்டலம் கட்டி விக்கிற பொருள்ல அளவும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடணும்னு 2011-லயே சட்டமுறை எடையளவு விதி இருக்கு. பிஸ்கட் பாக்கெட்ல கிராம் கணக்கு போடுறான், 420 ரூபாய் துணியில மீட்டர் போட முடியாதா? ஆபீஸ்ல கேட்டா "எல்லா பேரண்ட்ஸும் வாங்கிட்டாங்க மேடம்"ங்கிறாங்க. பில் கேட்டேன். துண்டுச்சீட்டுல "யூனிஃபார்ம் - 3"ன்னு எழுதி, கீழ 2,700-ன்னு போட்டுக் கொடுத்தாங்க. தமிழ்நாட்டுல எடையளவைக் கவனிக்கிறது தொழிலாளர் துறை. அந்தச் சீட்டையும் கவரையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், புகாரோட அங்கதான் போகப்போகுது.