போனை எடுத்துச் சென்றால் மகஜரைப் பாருங்கள்

“வாரண்ட் இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க வேண்டியதில்லைதானே? போனையும் எடுத்துவிடுவார்களா?” - மேலே குமார் கேட்டிருக்கிறார்

வாரண்ட் இல்லாமலும் போலீஸ் சோதனைக்கு வரலாம் சார். பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, வாரண்ட் வாங்கும் தாமதத்தில் ஆதாரம் கைநழுவும் என்று விசாரணை அதிகாரி நம்பினால், காரணத்தையும் தேடும் பொருளையும் முதலில் கேஸ் டைரியில் எழுதிவிட்டுச் சோதனை போடலாம். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அப்போது கதவை மறித்தால் உடைத்து நுழையவும் அதிகாரம் உண்டு.

குற்றத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகம் இருந்தால் போனையும் எடுக்கலாம். எடுத்த பொருட்களைப் பட்டியலிட்டு போலீஸ் எழுதும் மகஜரில்தான் கவனம் வேண்டும். ‘கறுப்பு நிற செல்போன் 1’ என்று மட்டும் எழுதியிருந்தால், பிறகு நீதிமன்றத்தில் காட்டுவது உங்கள் போன்தானா என்றே சொல்ல முடியாது. மாடல், போனின் அடையாளமான இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், சிம், மெமரி கார்டு எல்லாம் எழுதச் சொல்லுங்கள். `*#06#` அழுத்தினால் எண்கள் திரையில் வரும். போனை அணைத்து உறையிலிட்டு சீல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயே திறந்து வாட்ஸ்அப்பை உருட்டினால், பிற்பாடு எது மாறியது என்று காட்டுவது கஷ்டம்.

இரண்டு உள்ளூர் சாட்சிகள் கையெழுத்திட்ட பட்டியலின் நகல் உங்களுக்குத் தர வேண்டும். அதே சட்டத்தின் 105-ன்படி சோதனை முழுவதையும், பட்டியல் எழுதுவது உட்பட, வீடியோ எடுக்க வேண்டும்.

அப்புறம், சோதனை முறைகேடானது என்பதாலேயே ஆதாரம் செல்லாமல் போகாது. 1973-லேயே பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி நம்ப வேண்டாம்.