மடிக்கு லோக்கம் போட முடியுமா?

அக்கா மகளுக்குக் காதுகுத்து. சாயல்குடிப் பக்கம் குலதெய்வக் கோயில்ல, ஞாயிறு காலை 9 மணிக்கு மேல 10.30-க்குள்ள. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மூணு வாரத்துக்கு முன்னாடியே லீவ் லெட்டர் கொடுத்துட்டேன்.

வெறும் லெட்டர் இல்லைங்க. தொண்டிப் பக்கம் சின்ன தனியார் ஆஸ்பத்திரி, மொத்தமே அஞ்சு டியூட்டி டாக்டர். ஒருத்தன் நகர்ந்தா ஓட்டை விழும்னு எனக்குத் தெரியாதா? ஞாயிறு காலை 8-ல இருந்து திங்கள் காலை 8 வரைக்கும் என் டியூட்டி. பகலுக்கு மதுரையில இருந்து ஜூனியர் ஒருத்தரை லோக்கமா, அதாவது எனக்குப் பதிலா டியூட்டி பார்க்கிற டாக்டரா பேசி, அவரோட மெடிக்கல் கவுன்சில் சர்டிபிகேட் நகலையும் ஃபைல்ல வச்சேன். ராத்திரியை என்கூட வேலை பார்க்கிற டாக்டர் மேடம் ஏத்துக்கிட்டாங்க. பதிலுக்கு அவங்க வியாழன் ராத்திரியை நான் பார்த்தேன். ரோஸ்டரைத் திருத்தி மூணு பேரும் கையெழுத்தும் போட்டாச்சு.

இன்னொன்னு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலை கரையேறும். வலையில மீன் பிரிக்கிறப்ப திருக்கை முள் குத்தினவங்க நேரா நம்மகிட்டதான் வருவாங்க. மதுரைக்காரருக்கு இது புதுசு. அதனால ஒரு தாள்ல எழுதி டேபிள் கண்ணாடிக்கு அடியில வச்சேன்: தாங்குற சூட்டு வெந்நீர்ல காலை அரைமணி நேரமாவது வைக்கணும், அந்த வலிக்கு அதுதான் நல்லாக் கேட்கும். சூட்டை நல்ல காலை விட்டுப் பார்க்கணும், குத்துன கால் மரத்துக் கிடந்தா வெந்துபோறதே தெரியாது. முள் துண்டு உள்ள நிக்குதான்னு எக்ஸ்ரே. நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தியிருந்தா முள்ளைப் பிடுங்காம ராமநாதபுரத்துக்கு அனுப்பணும்.

இவ்வளவும் செஞ்சவனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன கிடைச்சது தெரியுமா? வேற ஒரு டாக்டருக்குக் காய்ச்சலாம். ஆபீஸ்ல யாரையும் கேட்காம மேடத்தைச் சனி ராத்திரிக்கு மாத்திட்டாங்க. ராத்திரி முழுக்க முழிச்சவங்க மறுநாள் ராத்திரியும் எப்படிப் பார்ப்பாங்க? லோக்கமும் 8 மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவார், திங்கள் காலை அவருக்கு அங்க டியூட்டி. ஞாயிறு ராத்திரி திரும்ப என் தலையில. அப்ப நான் முழிச்ச வியாழன் ராத்திரி? அது காத்தோட போச்சு.

“லோக்கம்தான் வர்றாரே டாக்டர், அவரையே நைட்டும் இருக்கச் சொல்லுங்க”ங்கிறாங்க. 24 மணி நேரம், அதுவும் முதல் தடவை வர்ற ஆளு! இல்லாட்டி, “ஃபங்ஷனைத் தள்ளி வைக்க முடியாதா?” கிடாய்க்குச் சொல்லியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. டியூட்டிக்கு லோக்கம் போடலாம், மாமன் மடிக்கு யாரைய்யா போடுவீங்க?

கடைசியில போனேன். பிள்ளை வீல்னு கத்துது, என் சட்டைப்பையில போன் அடிக்குது. நர்ஸம்மா: “சார், பாம்புக்கடி மருந்து இருக்கிற ஃபிரிட்ஜ் சாவி எங்க?” அதை மட்டும் நான் எழுதி வைக்கல, ஒத்துக்கிறேன். கறிச்சோத்துல கைவச்ச கையோட எந்திரிச்சு, 8 மணிக்கு டியூட்டியில நின்னேன்.

மாசக் கடைசியில ஒருநாள் சம்பளம் பிடித்தம். லோக்கத்துக்குக் கொடுத்ததும் என் காசுதான். சம்பளச் சீட்டை நீட்டினவர் கேட்கிறார்: “கிடா விருந்துக்கு எங்களை எல்லாம் கூப்பிடலையே டாக்டர்?”