கதவைத் தட்டியது யார்?

சிறுகதையைத் தொடராகப் போடுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அதில் முதல் குற்றவாளி நான்தான்.

போன வருஷம் 3,000 சொல்லில் ஒரு கதை எழுதினேன். சிங்கப்பூரின் அங் மோ கியோவில், இறந்துபோன அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வரும் அக்கா, தம்பி. அதை ஐந்தாகப் பிரித்து வெள்ளிக்கிழமைதோறும் வலைப்பூவில் ஏற்றினேன். ஒரு பகுதி 600 சொல். ஈசூனில் எம்ஆர்டி ஏறுகிறவர் பீஷானுக்குள் படித்துவிடலாம்.

முதல் பகுதியின் கடைசி வரியில், இரவு 11 மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். தொடரும். அடுத்த வாரம் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு மலாய் அம்மா! இரவல் வாங்கிய தூக்குச்சட்டியைத் திருப்பித் தர வந்திருக்கிறார். "ஒரு வாரம் காத்திருந்தது இந்தத் தூக்குச்சட்டிக்கா?" என்று ஒரு வாசகி கேட்டார். அதோடு ஆளைக் காணவில்லை.

இரண்டாம் பகுதிக்கும் அதே வித்தையைத்தான் வைத்திருந்தேன். அலமாரியில் ஓர் அடகுச் சீட்டு கிடைக்கிறது. "அதிலிருந்த பெயரைப் பார்த்ததும் அவள் கை நடுங்கியது." அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, வாசகருக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்றால் அது கள்ளாட்டம். பெயரைச் சொல்லிவிட்டேன்: தம்பியின் பெயர். பக்கத்து அறையில் அவன் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்கிறது. அங்கே நிறுத்தினேன். என்ன நடந்தது என்ற கேள்வி போய், இவள் கேட்பாளா மாட்டாளா என்ற கேள்வி வந்தது. ஒரு வாரம் மனதில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

மூன்றாம் பகுதியை 'முன்கதைச் சுருக்கம்' போட்டுத் தொடங்கவில்லை. "தம்பியின் பெயர் போட்ட சீட்டை அக்கா அரிசி டின்னுக்குள் ஒளித்தாள்" என்பது முதல் வரி. மறந்தவருக்கு நினைவு வந்துவிடும், நினைவிருப்பவருக்குக் கதையும் நகர்ந்துவிடும். அதன் முடிவை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இங்கே அடகு வைத்தால் மீட்க ஆறு மாதம், இல்லையென்றால் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சீட்டின் கெடு அந்த வெள்ளிக்கிழமை. கதையில் அன்று செவ்வாய்.

நான்காம் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். அடகுக் கடைக்குப் போவதும் தம்பியிடம் பேசுவதும் ஒரே மூச்சு. நடுவில் வெட்டினால் இரண்டுமே செத்துவிடும். சிறுகதைக்குத் திருப்பம் ஒன்றுதான், நாவல் மாதிரி வாரத்துக்கொன்று கேட்டால் எங்கே போவது? ஐந்தாம் பகுதியையும் சேர்த்து ஒன்றாகவே போட முடிவு செய்தேன். மொத்தக் கதையையும் முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

அதை ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, வாட்ஸ்அப்பில் அந்தத் தூக்குச்சட்டி வாசகி: "நகையை மீட்டாங்களா இல்லையா?"

"வெள்ளிக்கிழமை தெரியும் அக்கா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை கெடுவே முடியுதே!" என்று பதறினார்.